ஆறாம் நிபந்தனையின் மேல் ஒரு கட்டைவிரல்

என் மருமகளுக்கு உதவித்தொகை கிடைத்த செய்தி எங்கள் வீட்டுக்குக் கடிதமாக வரவில்லை. கட்டைவிரலாக வந்தது.

மருமகள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். மேல்படிப்புக்காக ஓர் அறக்கட்டளைக்கு மூன்று வருடமாக விண்ணப்பம் போட்டு, மூன்றாவது தடவைதான் தேர்வாகியிருந்தாள். கடிதம் நாங்கள் காலி செய்த பழைய வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. அந்த வீட்டுக்காரருக்கு நாங்கள் வைத்த பெயர் 'அவசரம்'. குழாய் ஒழுகுகிறது என்று சொன்னால் ஒரு மழைக்காலம் முழுக்க யோசிக்கிற மனிதர். கடிதத்தைப் பன்னிரண்டு நாள் மேசைமேல் காயப்போட்டு, பதின்மூன்றாம் நாள் காலையில் ஒரு போட்டோ எடுத்து அனுப்பிவிட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு மகளைப் பார்க்க பஸ் ஏறிவிட்டார்.

போட்டோவில் முக்கால்வாசி நன்றாகவே தெரிந்தது. அன்று மாலை ஐந்து மணிக்குள் சம்மதக் கடிதம் தபாலிலோ மின்னஞ்சலிலோ வந்து சேராவிட்டால் உதவித்தொகை ரத்து என்பது பளிச்சென்று தெரிந்தது. மூன்றாம் நிபந்தனை, வருகைப்பதிவு குறைந்தால் உதவித்தொகை நிற்கும் என்றது. ஆறாவதுதான் வினை.

'மகப்பேறு அல்லது நோய் காரணமாகப் படிப்பைத் தள்ளித் தொடங்க நேர்ந்தால், இந்த உதவித்தொகை...'

அதற்கப்புறம் அவசரத்தின் கட்டைவிரல். நான் எதையும் ஊதிப் பெருக்குகிறவன் என்று என் மனைவி சொல்வாள். ஆனால் சத்தியமாக அந்த விரல் பூசணிக்காய் அளவு இருந்தது. நகத்தில் மட்டும் ஒரு சின்னக் குடும்பம் வாடகைக்கு இருக்கலாம்.

மருமகளுக்கு அப்போது ஐந்தாம் மாதம். வகுப்பு தொடங்க மூன்று மாதம். பிரசவம் அதற்கு அடுத்த மாதம். அந்த விரலுக்கு அடியில் 'ரத்தாகும்' என்று இருக்கிறதா, 'காத்திருக்கும்' என்று இருக்கிறதா? மூன்று வருடக் காத்திருப்பு அதில் நசுங்கிக் கிடந்தது.

அவசரத்துக்கு போன் போட்டாள்.

"ஐயா, அந்த லெட்டர்ல ஆறாவது பாயிண்ட்ல என்ன போட்டிருந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா?"

"இருக்கும்மா. நல்ல விஷயமாத்தான் போட்டிருந்தான்."

"என்ன நல்ல விஷயம்?"

"அதான், வாழ்த்துன்னு."

"அது மேல இருக்கு ஐயா. கீழ, உங்க விரல் பட்ட இடத்துல?"

"விரலா? காத்துல பறந்துச்சும்மா, பிடிக்க வேணாமா?"

"வேற போட்டோ ஏதாச்சும்?"

"இருக்கே, அனுப்புறேன்."

அனுப்பினார். ஒன்றில் மேசையும் மின்விசிறியின் நிழலும். இன்னொன்றில் கடித உறை. மூன்றாவதில் அவருடைய பூனை. பூனை மட்டும் அப்படியொரு துல்லியம், மீசையை எண்ணலாம்.

மருமகள் போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள். மகன் தொழிற்சாலையில், ஷிப்ட் முடிகிறவரை போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். ஆக, ஆலோசனை சொல்ல மிச்சமிருந்தவர்கள் நானும் என் மனைவியும். பாவம் மருமகள்.

"கண்ணு, நீ ஒண்ணும் கேக்காத," என்றாள் மனைவி. "சரின்னு மட்டும் எழுதிப் போடு. முழுகாம இருக்கேன்னு நாமளே போய்ச் சொன்னா, வேற ஆளுக்குத் தூக்கிக் குடுத்துடுவாங்க."

"அப்புறம் கிளாஸுக்கு யாரு அத்தை போவா? ஒரு மாசம் போய்ட்டு நின்னா வருகைப்பதிவு போயிடும். மூணாவது பாயிண்ட்."

"அதை அப்பப் பாத்துக்கலாம்."

"அப்ப நான் பிரசவ வார்டுல இருப்பேன் அத்தை."

நான் இதற்குள் நாலு பக்கம் எழுதி முடித்திருந்தேன். அலுவலகத்தில் கடிதப் பிரிவில் முப்பத்தாறு வருடம் இருந்தவன் நான். என் கடிதங்களுக்குப் பதில் எழுத முடியாமல் மூன்று அதிகாரிகள் விருப்ப ஓய்வில் போனார்கள். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வாசித்தேன்.

"'கல்விக் கடலின் கலங்கரை விளக்கமாகத் திகழும் தங்கள் மேலான அறக்கட்டளையின் பொற்பாதங்களில்...'"

"மாமா."

"இரும்மா, ரெண்டாம் பக்கத்துலதான் கேள்வியே வருது. நாசூக்கா வச்சிருக்கேன். 'என் உறவுக்காரப் பெண் ஒருத்திக்காகக் கேட்கிறேன்'னு."

"மாமா!"

"அதைக் கிழிச்சுப் போடுங்க," என்றாள் மனைவி. "மணி பத்தரை ஆச்சு."

"நீ மட்டும் என்ன, முழுப் பூசணியையே மறைக்கச் சொல்ற."

"ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் வாயை மூடுறீங்களா!" என்றாள் மருமகள். வந்த நாளிலிருந்து எங்களிடம் குரல் உயர்த்தாத பெண். தெருமுனை வரை கேட்டிருக்கும். இரண்டு நாய்கள் எழுந்து உட்கார்ந்ததாகக் கேள்வி.

வாயை மூடினேன். ஒரு நிமிடம் கழித்து, முப்பத்தாறு வருடத்தில் கற்ற ஒரே உருப்படியான விஷயத்தைத் தாழ்ந்த குரலில் சொன்னேன்: "சம்மதம் ஒரு பத்தி, கேள்வி வேற பத்தி. சம்மதத்துல 'ஆனால்' வரக்கூடாது. வந்தா, இவங்க இன்னும் சரின்னு சொல்லலைன்னு எடுத்துக்குவாங்க."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமே?"

பிறகு அவளே மின்னஞ்சலைத் தட்டினாள். மேலே கடிதத்தின் எண்ணும் தேதியும்.

'தாங்கள் வழங்கிய உதவித்தொகையை நன்றியுடன் ஏற்றுக்கொள்கிறேன்.

எனக்குக் கிடைத்தது கடிதத்தின் புகைப்படம் மட்டுமே. அதில் ஆறாம் நிபந்தனையின் பிற்பகுதி மறைந்துள்ளது. முழுக் கடிதத்தின் நகலை இந்த மின்னஞ்சலுக்கே அனுப்ப வேண்டுகிறேன். வகுப்பு தொடங்கிய அடுத்த மாதம் எனக்குப் பிரசவம் எதிர்பார்க்கப்படுகிறது. அடுத்த கல்வியாண்டில் சேர அனுமதி உண்டா? உண்டெனில் நான் என்ன செய்ய வேண்டும்?

இது கிடைத்ததை உறுதிசெய்யவும்.'

கீழே புதிய முகவரி, போன் நம்பர். அவ்வளவுதான். அந்தப் போட்டோவையும் இணைத்தாள், விரலோடு.

"பொற்பாதம் வேணாமா?" என்றேன்.

அவள் அனுப்பும் பொத்தானை அழுத்திவிட்டாள்.

கிடைத்தது என்று ஒரு தானியங்கிப் பதில் உடனே வந்தது. அதற்கப்புறம் ஒன்றுமில்லை. பதினோரு மணிக்கு மனைவி, "நான் சொன்னேன்ல" என்றாள். பன்னிரண்டுக்கும் சொன்னாள். ஒரு மணிக்குச் சொல்லவில்லை, பார்வையிலேயே சொன்னாள். மருமகள் அறக்கட்டளைக்கு இரண்டு தடவை போன் செய்தாள். 'தயவுசெய்து காத்திருக்கவும்' என்ற பெண் குரல் எங்கள் குடும்பத்தில் ஒருத்தி ஆகிவிட்டது.

மூன்றரைக்குப் பதில் வந்தது. மருமகள் சத்தமாக வாசித்தாள். சம்மதம் பதிவாகிவிட்டதாம். முழுக் கடிதம் இணைப்பில். அதில் விரலே இல்லாத ஆறாம் நிபந்தனை:

'...இந்த உதவித்தொகை ஓராண்டு வரை ஒத்திவைக்கப்படும். அதற்கான கோரிக்கையைச் சம்மதக் கடிதத்துக்கான கடைசி நேரத்துக்குள், மருத்துவச் சான்றுடன் அனுப்ப வேண்டும். அதன்பின் வரும் கோரிக்கைகள் ஏற்கப்படமாட்டா.'

மனைவி முந்தானையால் மேசையைத் துடைத்தாள், அது சுத்தமாக இருந்தபோதும்.

"உங்க கோரிக்கை வந்தாச்சு, சான்று மட்டும் பாக்கின்னு போட்டிருக்காங்க," என்றாள் மருமகள்.

"இன்னும் ஒன்றரை மணி நேரத்துல சான்றுக்கு எங்க போறது?" என்று நான் தலையில் கை வைத்தேன்.

"லீவுக்குப் போடணும்னு போன வாரமே டாக்டர்கிட்ட வாங்கி வச்சிருக்கேன் மாமா." பையைத் திறந்து எடுத்தாள். பிரசவத் தேதி, கையெழுத்து, முத்திரை, எல்லாம் இருந்தது.

மேசைமேல் விரித்தோம். ஜன்னல் காற்றில் தாள் பறந்தது. நான் பாய்ந்து பிடித்துக்கொண்டேன். அவள் போட்டோ எடுத்தாள். திரையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"மாமா."

"என்னம்மா?"

"விரல்."

டாக்டரின் கையெழுத்தின் மேல், தேதியோடு சேர்த்து, என் கட்டைவிரல் கம்பீரமாகப் படுத்திருந்தது. மனைவி என் கையைப் பிடித்து அப்பால் எடுத்துவிட்டு, தாளின் நாலு மூலையிலும் நாலு டம்ளர் வைத்தாள்.

நாலு பத்துக்கு அனுப்பினோம். நாலு ஐம்பதுக்குப் பதில் வந்தது: 'சான்று கிடைத்தது. தங்கள் உதவித்தொகை அடுத்த கல்வியாண்டுக்கு ஒத்திவைக்கப்பட்டுள்ளது.'

மருமகள் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து அவள் போன் சிணுங்கியது. அவசரம். இன்னொரு போட்டோ அனுப்பியிருந்தார்.

பூனைதான். வேறு கோணத்தில்.