தெற்குப் பார்த்த வீடு

தவரத்தினம் யோகநாதனுக்குக் கொடுக்க வேண்டியிருந்தது ஆறாயிரத்து எண்ணூற்று நாற்பது யூரோ. சீட்டை முதல் மாதமே எடுத்துவிட்டு அவன் கட்டாமல் விட, பிணை நின்ற யோகநாதன் கட்டித் தீர்த்த காசு. மூன்று வருடமாகியும் அவர் வாய் திறந்து கேட்கவில்லை. பாரிசுக்கு வந்த புதிதில் ஒரே போர்வைக்குள் குளிர் காய்ந்தவர்கள். அவனிடம் எப்படிக் கேட்பது?

அந்தத் தவரத்தினந்தான் வீடும் பார்த்துக் கொடுத்தான். வீடு விற்கும் கந்தோர் ஒன்றுக்கு ஆள் பிடித்துக் கொடுப்பது இப்போது அவனுடைய தொழில்.

யோகநாதனுக்கு வீடு வேண்டியிருந்தது மனைவி கோசலைக்காக. லா ஷப்பலில் அவர்கள் இருந்த தரைத்தள அறையில் சுவரெல்லாம் பூஞ்சணம். நான்கு வருடமாக அவளுக்கு இருமல். வெயிலும் காற்றும் வருகிற இடத்துக்கு மாறச் சொல்லிவிட்டார் டொக்டர்.

"வெயிலும் காத்தும் இல்லாட்டி எனக்கு மாளிகையும் வேண்டாமடா" என்று யோகநாதன் முதலிலேயே சொல்லியிருந்தார்.

"மச்சான், தெற்குப் பாத்த வீடு. ரெண்டு பக்கமும் ஜன்னல். காத்து இதாலை வந்து அதாலை போகும். பேப்பரிலையே போட்டிருக்கு, பார்" என்று விளம்பரத்தாளை விரலால் தட்டி வாசித்தான் தவரத்தினம். ஐம்பது வயதில் பிரெஞ்சு எழுத்துக்கூட்டப் பழகியவர் யோகநாதன். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

வீடு மார்க்ஸ் டோர்மோயில், மூன்றாம் மாடி. மூவரும் பார்க்கப் போனது ஏப்ரல் மாதத்து மத்தியானம். மெல்லிய திரையை ஊடுருவி, தரையில் பாய் விரித்தது போல வெளிச்சம் கிடந்தது. திரை வயிறு வைத்தது போல உப்பி உள்ளே வந்தது. கோசலை அந்த வெளிச்சத்தில் போய் நின்று, இருமாமல் ஒரு மூச்சு இழுத்தாள். அதற்குமேல் யோகநாதனுக்கு ஒன்றும் தேவைப்படவில்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தார். மனம் மாறினால் பத்து நாளுக்குள் விலகலாம் என்று ஒப்பந்தம் எழுதிய நொத்தேர் சொன்னபோது அவர் சிரித்தார்.

எட்டாம் நாள் உணவகத்தில் மத்தியானக் கோப்பைகளைக் கழுவி முடித்து, வீட்டை வெளியில் நின்றாவது ஒருமுறை பார்ப்போம் என்று போனார். இரண்டு மணி. சூரியன் உச்சியில். தெற்குப் பார்த்த வீட்டின் முகத்தில் அந்நேரம் வெயில் அறைய வேண்டும். ஆனால் ஜன்னல்களின் கீழே தெரு முழுக்க அந்தக் கட்டடத்தின் நிழல் விழுந்து கிடந்தது. சூரியன் கட்டடத்தின் முதுகுப் பக்கம். எதிரே இருந்த உயரமான கண்ணாடிக் கட்டடந்தான் வெயிலை வாங்கி அந்த ஜன்னல்களில் கொட்டிக்கொண்டிருந்தது. அது தன் திரைகளை இறக்கினால் முடிந்தது.

பையிலிருந்த தாளை விரித்தார். ஒவ்வோர் எழுத்தாகத் தேடினார். திசை என்ற இடத்துக்கு நேரே நான்கு எழுத்து. தினமும் வேலைக்கு இறங்கும் கார் து நோர் நிலையத்தின் பெயர்ப்பலகையில் கடைசியாக இருக்கும் அதே சொல். வடக்கு.

வீட்டுக்குப் போய்க் கோசலையிடம் சொன்னார்.

"இஞ்சேருங்கோ, அண்டைக்கு வாசல் கதவு சாத்தாமல் கிடந்தது. தவரத்தினம் அண்ணை தன்ர சப்பாத்தை இடுக்கில வச்சவர். நான் கண்டனான். பின்பக்கம் ஜன்னலே இல்லை. படிக்கட்டுப் பக்கம் கதவு திறந்து கிடந்தபடியாத்தான் காத்து ஓடினது."

"ஏனப்பா சொல்லேல்லை?"

"அவர் உங்கட சிநேகிதன் எல்லோ."

தவரத்தினம் தேநீர்க் கடையில் இருந்தான். தாளைக் கண்டதும் சிரிக்கப் பார்த்தான்.

"அதிலை வடக்கு எண்டுதானே கிடக்கு. கந்தோர் பொய் சொல்லேல்லை. நீ வாசிக்கேல்லையோ?"

"நீ வாசிச்சனீ."

"டேய், வெளிச்சம் வெளிச்சந்தானே! கண்ணாடியாலை வந்தால் சுடாதோ? கந்தோர் எனக்குத் தாற கொமிசன் ரெண்டாயிரத்தையும் உன்ர கையிலைதான் தர இருந்தனான். உன்ர கடனைக் கட்டத்தானே மச்சான் இவ்வளவும்."

"அவளின்ர நெஞ்சை வித்து என்ர கடனைக் கட்டப் பாத்தியோ?"

தவரத்தினம் தேநீரைக் கலக்கினான். சீனி எப்போதோ கரைந்துவிட்டது.

மறுநாள் காலை யோகநாதன் தபால் நிலையத்துக்குப் போய், விலகல் கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பிச் சிட்டையை வாங்கினார். நேரே தவரத்தினத்தின் வீட்டுக்குப் போய் மணியை அடித்தார்.

"வீடு வேண்டாமெண்டு எழுதிப் போட்டன். உன்ர ஆறாயிரத்து எண்ணூற்று நாப்பதும் வேண்டாம்."

"ஏன்ரா? நான் மாசாமாசம் கொஞ்சங் கொஞ்சமாய்..."

"மாசாமாசம் உன்ர முகத்தைப் பாக்க ஏலாது."

ஏதாவது சொல்வான் என்று கொஞ்சநேரம் நின்றார். தவரத்தினத்தின் முகத்தில் பாரம் இறங்கியது தெரிந்தது. கதவுக் கைப்பிடியைப் பிடித்தபடி, "அப்ப சரி மச்சான்" என்றான்.