கொட்டை சேர்க்காத கேக்

“நீவா, இந்தக் கையெழுத்து உனக்காவது புரியுதாடி?”

தேவாலயத்து நிலவறையில் தட்டச்சுப் பொறிக்கு முன்னால் உட்கார்ந்திருந்த நீவாவிடம் இப்படித்தான் கேட்டாள் ஹில்டா. பள்ளியை விட்டு நின்ற நாளிலிருந்து பெண்கள் சங்கத்துச் சமையல் புத்தகத்தைப் பிரதியெடுக்க, ஸ்டென்சில் எனும் மெழுகுத்தாளில் அடிப்பது நீவாதான். யாரிடமும் பேசமாட்டாள். எழுத்து என்றால் மட்டும் பயமில்லை.

ஹில்டா நீட்டியது அவள் மகள் லொரெட்டாவின் சமையல் குறிப்பு அட்டை. பிப்ரவரியில் படிக்கட்டில் விழுந்து செத்துப்போனாள் என்றார்கள்.

“அவ கேக் செய்முறை இந்தப் புத்தகத்துல வரணும். ஒரு சொல்லும் மாறாம.”

நீவா அடித்தாள். ரூபார்ப் என்ற புளிப்புத் தண்டு ஒன்றரைக் கப். பெரிய ‘டி’ மேசைக்கரண்டி, வினிகருக்கு. சின்ன ‘டி’ தேக்கரண்டி, சமையல் சோடாவுக்கு. சர்க்கரையின் அளவு இருந்த இடத்தில் வெண்ணெய்க் கறை. அட்டையைத் திருப்பிப் பேனா அழுந்திய தடத்தை விரலால் தடவினாள். ஒன்றரை. அதைக் கோடிட்டு அடித்து ஒன்றேகால். அதையும் அடித்து மறுபடி ஒன்றரை.

“ஓரத்துல என்னமோ இருக்கே?”

“ஓரத்துல உள்ளது அச்சுல வராது ஹில்டா,” என்றாள் எதிரே தாள் அடுக்கிக்கொண்டிருந்த சங்கத் தலைவி பெர்னிஸ். “அளவும் செய்முறையும் போதும். இல்லேன்னா இது சமையல் புத்தகமா, டைரியா?”

“படிடி,” என்றாள் ஹில்டா.

நீவா மெல்லிய குரலில் படித்தாள். “வி. இனிப்பு அதிகம்னார், குறைச்சேன். வி. புளிக்குதுன்னு தட்டை எறிஞ்சார், பழையபடி.” வி. என்றால் லொரெட்டாவின் கணவன் விர்ஜில். ‘அரைக் கப் வால்நட்’ என்ற வரியிலிருந்து ஒரு கோடு அட்டையின் மூலைவரை போயிருந்தது. அங்கே எறும்பு எறும்பாக எழுத்து. அவள் நிறுத்தினாள்.

“ம்?”

“கொட்டை வேண்டாம். இந்த வாரம் கடிச்சு மெல்ல முடியல.”

ஹில்டா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

“போன வருஷம் ஈஸ்டருக்கு இந்தக் கேக்கைக் கொண்டுவந்தா. கொட்டை வாங்கக்கூடவா கஞ்சத்தனம்னு கேட்டேன். எல்லாரும் சிரிச்சோம். மறந்துட்டேம்மான்னா. அவ எதையும் கடிக்காம காபி மட்டும் குடிச்சா. அதையும் பாத்துட்டுத்தான் இருந்தேன்.”

நீவா கடைசி வரிக்கு வந்தாள். குறிப்பைக் கொடுத்தவர் பெயர். எல்லாருக்கும் கணவன் பெயரில்தான் அடிப்பது. ‘திருமதி விர்ஜில் ஹார்ம்ஸ்’ என்று விரல்கள் தாமாகவே அடித்துவிட்டன.

ஹில்டா மேசைமேல் இருந்த, பிழை மறைக்கும் திருத்து மையை எடுத்தாள். அந்தப் பெயர்மேல் பூசினாள். மை பக்கத்து எழுத்திலும் வழிந்தது.

“லொரெட்டான்னு அடி.”

“அது வழக்கமில்லையே,” என்றாள் பெர்னிஸ். “ஞாயித்துக்கிழமை கோயில்ல முதல் வரிசையில உட்காருற ஆளு அவரு. விர்ஜில் கேட்டா நான் என்ன சொல்றது?”

மை காயும்வரை ஊதிவிட்டு நீவா அடித்தாள். லொரெட்டா. அதன்பின், யாரும் கேட்காமலே, வால்நட் வரிக்கு எதிரே இருந்த வெற்றிடத்தில் ஓரத்துக் குறிப்பையும் அப்படியே அடித்தாள். பெர்னிஸ் அதைப் பார்த்தாள். ஸ்டென்சிலைக் கிழிக்கவில்லை.

ஹில்டா அட்டையைக் கைப்பையில் வைத்து மூடினாள். கோட்டை மாட்டிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல், படியேறிப் போய்விட்டாள்.