சூடம் ஏற்றாத ஆட்டம்

ஈஸ்வரபாண்டி ஆட்டோவிலிருந்து இறங்கும்போதே கையில் சூடப் பொட்டலம் இருந்தது. அதைப் பார்த்ததும் அணிக்குப் பயிற்சி கொடுக்கிற நாகஜோதி டீச்சர் எழுந்து எதிரே நடந்தாள். ஈஸ்வரபாண்டிக்குப் பின்னால் இரண்டு பேர் ஒரு ஃப்ளெக்ஸைச் சுருட்டித் தோளில் தூக்கி வந்தார்கள். சுருள் அவிழ்ந்திருந்த இடத்தில் ஓவியாவின் ஒரு கண்ணும் எண்ணெய் வழிய இழுத்துப் பின்னிய சடையும் தெரிந்தன. கீழே கொட்டை எழுத்தில் 'உனக்காக வெல்வோம்' என்று அச்சடித்திருந்தது. தேனி மைதானத்தில் வெயில் இன்னும் ஏறவில்லை. மாவட்டப் பள்ளிகளுக்கான பெண்கள் கபடியில் இறுதி ஆட்டம் தொடங்க இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

ஈஸ்வரபாண்டியைக் கெட்ட மனிதர் என்று சொல்ல வாய் வராது. பிள்ளைகளுக்கு ஜெர்சி எடுத்துக் கொடுத்ததும், வேன் பிடித்துக் கொடுத்ததும் அவர்தான். உத்தமபாளையத்துக்கு மேற்கே இருக்கிற அவர்கள் ஊரில் கபடி என்றால் சாமி கும்பிடு மாதிரி. ஆட்டத்துக்கு முன்னால் கோட்டில் சூடம் ஏற்றி, அதன்மேல் கையடித்து, 'ஜெயிக்காம ஊருக்குள்ள கால் வைக்க மாட்டோம்' என்று சத்தியம் செய்யாமல் அந்த ஊர் அணி இறங்கியதே இல்லை. நாகஜோதியும் படிக்கிற காலத்தில் அப்படிக் கையடித்தவள்தான். அன்றைக்குத் தோற்றுப்போய், ஊருக்குப் பிரிகிற விலக்கில் பஸ்ஸை விட்டு இறங்கக் கூசி, அடுத்த நிறுத்தத்தில் இறங்கி வாழைத்தோப்பு வழியாக ஏழு பேரும் இருட்டில் திருடிகளைப் போல வீடு சேர்ந்தார்கள். கேப்டனாக இருந்தவள் மறுநாளிலிருந்து பள்ளிக்கூடத்துப் பக்கமே வரவில்லை. ஊக்கம் கொடுக்கிறோம் என்று ஊரே சேர்ந்து அவள் தலையில் அம்மிக்கல்லை ஏற்றி வைத்தது யாருக்கும் உறைக்கவும் இல்லை.

அன்றைக்காவது ஊர் மானம் மட்டும்தான். இப்போது செத்துப்போன பிள்ளை வேறு.

ஓவியா இந்த அணியின் இடது ஓரத்தில் நின்று, பாடி வருகிறவளின் காலைப் பிடித்தவள். போன மாதம் ஒரு சனிக்கிழமை பள்ளிக்கூடம் லீவு என்று அம்மாவோடு ஏலக்காட்டு வேலைக்குப் போனாள். ஆட்களைத் திணித்துக்கொண்டு மலையேறிய ஜீப் ஒரு வளைவில் கவிழ்ந்தது. அம்மா பொன்னாத்தாள் கை முறிந்து பிழைத்தாள். ஓவியா பிழைக்கவில்லை.

அவள் இடத்துக்கு வந்தவள் திரிஷா. நல்ல பிடிகாரிதான். ஆனால் சாவுக்குப் பிறகு களத்தில் அவளுக்குப் பித்துப் பிடித்தது போல ஆகிவிட்டது. பாடி வருகிறவள் கோட்டைத் தாண்டியதுமே காலில் போய் விழுவாள். வந்தவள் எட்டித் தொட்டுவிட்டுப் போவாள். விழுந்து விழுந்து முட்டி கிழிந்தது. ஏன் இந்த அவசரம் என்று கேட்டதற்கு, "ஓவியாக்கா எடத்துல நின்னுக்கிட்டு ஒண்ணக்கூட விடக் கூடாது டீச்சர்" என்றாள். அன்றைக்கு நாகஜோதிக்கு ஒன்று விளங்கியது. பிள்ளை எதிராளியோடு ஆடவில்லை, செத்தவளோடு ஆடிக்கொண்டிருக்கிறாள். அந்த ஆட்டத்தில் யாரால் ஜெயிக்க முடியும்?

அன்றிலிருந்து நாகஜோதி அவளுக்கு ஒரே ஒரு வேலைதான் கொடுத்தாள். வருகிறவள் திரும்புகிற நேரத்தில் பின்னங்கால் கைக்கு எட்டினால் பிடி, எட்டாவிட்டால் விடு. 'விடு' என்பதைத்தான் அதிகம் சொன்னாள். முந்தாநாள் பிள்ளைகளை ஓவியா வீட்டுக்குக் கூட்டிப் போய் உட்கார வைத்தாள். அழுகிறவர்கள் அழுது தீர்த்தார்கள். ஆட்டத்தைப் பற்றி அங்கே மூச்சு விடக் கூடாது என்று முதலிலேயே சொல்லியிருந்தாள். துக்கத்துக்கு ஒரு நாள், ஆட்டத்துக்கு ஒரு நாள் என்று பிரித்து வைத்தால் தாங்கிவிடுவார்கள் என்பது அவள் கணக்கு.

அந்தக் கணக்கைக் கெடுக்கத்தான் இப்போது ஃப்ளெக்ஸோடு வந்து நிற்கிறார் ஈஸ்வரபாண்டி.

"அண்ணே, அத வேனுக்குள்ள வச்சிருங்க."

"என்ன டீச்சரம்மா இப்படிச் சொல்றீக? புள்ளைகளுக்கு ஒரு வெறி வர வேணாமா?"

"வெறி வந்தா காலு முன்னாடி போகும்ணே, கண்ணு பின்னாடி போகும். சூடமும் வேணாம். தோத்தா அந்தப் பிள்ளைக எங்கன போயி நிக்கும், சொல்லுங்க."

"ஆரம்பிக்கும் முன்னயே தோக்குறதப் பேசுறீகளே" என்று முகத்தைச் சுளித்தார். ஆனாலும் கண்டித்துப் பேசிப் பழக்கமில்லாத மனிதர். பொட்டலத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நகர்ந்தார். நகரும்போது, "அப்ப அந்த ஆத்தாகிட்டயும் நீங்களே சொல்லிருங்க" என்று கையைக் காட்டிவிட்டுப் போனார்.

வேப்பமரத்தடியில் பொன்னாத்தாள் நின்றிருந்தாள். மாவுக்கட்டுப் போட்ட கை கழுத்தோடு தொங்கியது. அதே ஆட்டோவில்தான் வந்திருக்கிறாள், நாகஜோதிதான் கவனிக்கவில்லை.

"டீச்சர், புள்ளைககிட்ட ஒரு வார்த்தை சொல்லிக்கிறட்டா?"

"என்ன சொல்லப் போறீகக்கா?"

"ஓவியா மேல இருந்து பாத்துக்கிட்டுத்தேன் இருக்கா, அவளுக்காக ஜெயிச்சுக் குடுங்க ஆத்தான்னு."

நாகஜோதி அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் மாவுக்கட்டைப் பார்த்தாள். சொல்லட்டுமே என்று ஒரு மனம் சொன்னது. பெற்றவள் கேட்கிறாள், நீ யார் தடுக்க? இன்னொரு மனதில் திரிஷாவின் கிழிந்த முட்டி வந்து நின்றது.

"வேணாம்க்கா."

"ஏன் டீச்சர்?"

"ஜெயிச்சா சரி. தோத்துப்போச்சுன்னா, ஓவியாவ நாமதேன் கைவிட்டோம்னு அதுக நெனச்சுக்கிரும். சின்னப் பிள்ளைக. ஆயுசுக்கும் தூக்கிக்கிட்டு அலையும்."

பொன்னாத்தாள் மெதுவாகச் சொன்னாள். "ஆள் கொறையுதுன்னு நாந்தேன் டீச்சர் அவள ஜீப்புல ஏத்துனேன். வரமாட்டேன்னுதேன் சொன்னா. இதுல ஜெயிச்சு எம்புள்ள பேரச் சொன்னாகன்னா..." என்று நிறுத்தி, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

உயிரோடு இருக்கிற ஏழு பேருக்காகச் செத்தவளின் தாயை ஒதுக்கி நிறுத்துகிறோம் என்பது மட்டும் நாகஜோதிக்குத் தெளிவாகத் தெரிந்தது. அதைச் செய்தாள். "இங்கனயே நிழல்ல இருங்கக்கா" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். தன்மீதே வெறுப்பாக இருந்தது.

பிள்ளைகள் தினமும் செய்கிற அதே ஓட்டம், அதே நீட்டி மடக்கல் முடித்து வந்து வட்டமாக உட்கார்ந்தார்கள். இறுதி ஆட்டம் என்று எதையும் புதிதாகச் சேர்க்கவில்லை. நாகஜோதியும் அவர்களோடு தரையில் உட்கார்ந்தாள். நின்றுகொண்டு பேசினால் குரல் தானாக மேடையேறிவிடும் என்று அவளுக்குத் தெரியும்.

"வயித்தக் கலக்குதா?"

கேப்டன் ஏஞ்சல் மட்டும் தலையாட்டினாள்.

"எனக்கும் கலக்குது. ஓடுறதுக்கு ஒடம்பு தயாராகுது, அம்புட்டுத்தேன். அத வெரட்ட வேணாம், அதுபாட்டுக்கு இருக்கட்டும். மூச்சக் கொஞ்சமா இழுத்து, நீளமா விடுங்க."

எல்லோரும் விட்டார்கள். பிறகு ஒவ்வொருத்தியாக அவரவர் வேலையை ஒரே வரியில் சொல்லச் சொன்னாள். டீச்சர் சொல்லிக் கேட்பதைவிடத் தன் வாயால் சொன்னதுதான் களத்தில் கைகொடுக்கும். "கையில கையக் கோத்துக்கிட்டு விடக் கூடாது" என்றாள் ஒருத்தி. "பாடி வர்றவ கால் எடுத்து வைக்கிறதப் பாத்துட்டுத்தேன் நான் நகரணும்" என்றாள் ஏஞ்சல். திரிஷாவின் முறை வந்தது. "திரும்புறப்ப எட்டுனா பிடி, எட்டலன்னா விடு."

"புள்ளி போச்சுன்னா?"

"தொடையத் தட்டிட்டு அடுத்தது" என்று எல்லோரும் சேர்ந்து சொன்னார்கள்.

"சரி. முடிஞ்சதும் பஸ் ஸ்டாண்டு பக்கம் புரோட்டா. ஜெயிச்சாலும் அதே கடைதேன், தோத்தாலும் அதே கடைதேன். சால்னா மட்டும் என் இஷ்டம்."

இரண்டு பேர் சிரித்தார்கள். திரிஷா சிரிக்கவில்லை. "டீச்சர், ஓவியாக்காவுக்காக ஆடணும்னு பாண்டியண்ணே சொன்னாக" என்றாள்.

"ஓவியாவுக்கு நீ ஒண்ணும் கடன்படல, திரிஷா. நெனப்பு வந்தா வரட்டும். அழுகை வந்தா ஒரு நிமிசம் வெளிய வந்து அழு, நான் ஆள் மாத்திக்கிறேன். உள்ள நிக்கிறப்ப மட்டும் எதிர்ல வர்றவ காலப் பாரு. அவ கால் ஓவியா கால் இல்ல."

திரிஷா தரையைப் பார்த்தபடி இருந்தாள். பிறகு ஒரு மூச்சை நீளமாக விட்டாள். நாகஜோதி எழுந்துகொண்டாள். இதற்குமேல் ஒரு வார்த்தை சொன்னாலும் அது தன் பயத்துக்காகச் சொல்வதாக ஆகிவிடும் என்று தோன்றியது.

எதிரணி கூடலூர்ப் பக்கத்துப் பிள்ளைகள், ஒவ்வொருத்தியும் பனைமரம். முதல் பாதியில் நான்கு புள்ளி முந்தினார்கள். திரிஷா முதல் இரண்டு தடவை காலை விட்டாள். ஓரத்தில் ஈஸ்வரபாண்டி பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். மூன்றாவது தடவை வந்தவள் திரும்பினாள், பின்னங்கால் எட்டியது, பிடித்தாள். பூட்டுப் போட்ட மாதிரி பிடி. அதற்கப்புறம் ஒன்று, பிறகு இன்னொன்று. ஆட்டம் முடிய ஒரு நிமிடம் இருக்கும்போது ஒரே ஒரு புள்ளிதான் பின்னால் இருந்தார்கள்.

எதிரணி அடுத்தடுத்து இரண்டு தடவை பாடி வந்தும் புள்ளி எடுக்காமல் திரும்பியிருந்தது, இது மூன்றாவது பாட்டு. இந்த முறை புள்ளி எடுக்காமல் போனால் பாடுகிறவளே அவுட். அதனால் உள்ளே வந்தே ஆக வேண்டும். வந்தாள். திரும்பினாள். திரிஷா சரியான நேரத்தில் கணுக்காலைப் பிடித்தாள். ஏஞ்சல் இடுப்பில் பாய்ந்தாள், இன்னொருத்தியும் விழுந்தாள். தப்பு என்று ஒன்றுமே இல்லை. ஆனால் அந்த நெட்டைப் பிள்ளை மூன்று பேரையும் இழுத்துக்கொண்டு விழுந்து, கையை நீட்டியது. நடுக்கோட்டில் விரல் பட்டது. தொட்டவர்கள் மூன்று பேரும் வெளியே. நான்கு புள்ளி வித்தியாசம். அதை ஈடுகட்ட நேரம் இல்லை.

ஈஸ்வரபாண்டி யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வேனுக்குப் போய்விட்டார். போகும்போது, "ஒரு சூடம் ஏத்தியிருந்தா..." என்பது மட்டும் காதில் விழுந்தது.

பிள்ளைகள் குழாயடிக்கு வந்தார்கள். ஏஞ்சல் அழுதுகொண்டிருந்தாள். முகம் குப்புற விழுந்ததில் மூக்குக்குக் கீழே செம்மண் அப்பி, முறுக்கு மீசை வைத்தது போல இருந்தது. கண்ணீர் வேறு அதில் இறங்கி மீசையை இரண்டாகப் பிரித்தது. தண்ணீர் குடிக்கப் போன திரிஷா அதைப் பார்த்தாள். புரையேறியது. வாயிலிருந்த தண்ணீரெல்லாம் ஏஞ்சல் மேலேயே தெறித்தது. "ஏலே" என்று ஏஞ்சல் கையை ஓங்கியவள், அடுத்தவள் ஃபோனைத் திருப்பிக் காட்டவும் தன் முகத்தைத் தானே பார்த்து, அழுகையும் சிரிப்புமாக உட்கார்ந்துவிட்டாள். பிறகு எல்லோருமே சிரித்தார்கள். திரிஷா குழாயைப் பிடித்துக்கொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஒரு மாதத்துக்கும் சேர்த்துச் சிரித்தாள்.

இதற்குத்தானே இவ்வளவும் என்று நாகஜோதிக்கு நெஞ்சு நிறைந்தது. தோற்றும் சிரிக்கிறதுகள். நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்கும் வருவார்கள்.

அந்த நிறைவோடுதான் திரும்பினாள். பொன்னாத்தாள் வேப்பமரத்தை விட்டுக் கிளம்பி, ஏஞ்சலுக்குத் துடைக்கக் கொடுக்கவோ என்னவோ, நல்ல கையில் முந்தானை நுனியைப் பிடித்தபடி குழாயடிக்குப் பத்தடி தூரம் வரை வந்திருந்தாள். அங்கே அப்படியே நின்றுவிட்டாள். சிரிக்கிற பிள்ளைகளை ஒவ்வொருத்தியாகப் பார்த்துக்கொண்டு வந்தவளின் உதடு, தானும் சிரிக்க வேண்டுமென்று நினைத்தது போல ஒரு பக்கம் இழுத்தது. பிறகு முந்தானையை விட்டுவிட்டாள். குழாயை யாரும் மூடவில்லை. வழிந்த தண்ணீர் செம்மண்ணில் ஓடி வந்து அவள் செருப்பில்லாத காலை நனைத்தது. அவள் காலை நகர்த்தவில்லை.