உறை போட்ட கன்சோல்

உலக வணிக வரலாற்றில் தனி அத்தியாயம் கோரும் செய்தி ஒன்றை இதன்மூலம் அனைவருக்கும் அறிவிக்கிறோம்: கண்காணிப்பாளர் வீட்டுக் கேம் கன்சோல் பழுதாகிவிட்டது.

கண்காணிப்பாளர் என்றால் அலுவலகத்தில் கோப்புப் பிரிவுக்குக் கண்காணிப்பாளர். வீட்டிலும் அதே பதவியில் இருப்பதாக அவருக்கு ஓர் எண்ணம். அதை யாரும் மறுக்கவில்லை, கண்டுகொள்ளவுமில்லை.

கன்சோலை வாங்கியவர் அவர் மனைவி. பண்டிகைத் தள்ளுபடியில் இரண்டாவது கன்ட்ரோலர் இலவசம் என்று படித்ததும் அந்த அம்மாளுக்குத் தன் தங்கையின் முகம்தான் நினைவுக்கு வந்தது. போன மாதம் தங்கை வீட்டுக் கன்சோலில் கால்பந்து ஆடி, நான்கு கோல் வாங்கிக்கொண்டு வந்திருந்தார். "அக்கா, பாஸ் குடுக்கறது நல்ல பழக்கம்தான். ஆனா உன் டீமுக்குக் குடுக்கணும்" என்று தங்கை வாசல்வரை வந்து வழியனுப்பியிருந்தாள். அந்தத் தங்கை வரும் ஞாயிற்றுக்கிழமை இங்கே வருகிறாள். கணக்குத் தீர்க்க வேண்டிய ஞாயிறு அது.

கன்சோலோ பாதி ஆட்டத்தில் கொதித்தது. திரையில் 'அதிக வெப்பம்' என்று எச்சரிக்கை வரும். அப்புறம் பொட்டென்று அணைந்துவிடும். கடைக்குப் போன் செய்தால், "ஒரு லெட்டர் எழுதி, பில் காப்பி, பொருள், பெட்டி எல்லாம் கொண்டு வாங்க. வாங்கின ஒரு வாரத்துக்குள்ள வந்தா நாங்களே மாத்தித் தருவோம். தாண்டிட்டா கம்பெனி சர்வீஸ் சென்டர்தான். அவங்க எப்பத் தருவாங்கன்னு அவங்களுக்கே தெரியாது" என்றார்கள்.

"நாலு வரி எழுதிக் குடுங்க, நான் போய்ட்டு வந்துடறேன்" என்றார் மனைவி.

"நாலு வரியா?" கண்காணிப்பாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "இது என்ன, பால்காரருக்கு எழுதற சீட்டா?"

எழுத ஆரம்பித்தார். முதல் வரைவில் நுகர்வோர் என்பவர் யார் என்று விளக்கினார். இரண்டாம் வரைவில் அந்த விளக்கத்தைத் திருத்தினார். மூன்றாம் வரைவில் 'வேதனை' என்று போடலாமா, 'மனவேதனை' என்று போடலாமா என்று ஒரு மாலை முழுவதும் கூடத்தில் நடந்தார்.

"ரெண்டையும் போட்டுத் தொலைங்க!" என்றார் மனைவி, சமையலறையிலிருந்து. போட்டார்.

இப்படியாக ஒரு வாரம் கரைந்து, கெடுவின் கடைசி நாளான சனிக்கிழமை, ஐந்து பக்கக் கடிதத்தோடு இருவரும் கடைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். இணைப்புப் பட்டியலில் பில் நகல், கன்சோல், கன்ட்ரோலர் இரண்டு, கேபிள்கள், பெட்டி ஆகியவற்றோடு, பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சக் கிடந்த சின்னப் பொட்டலமும் தனி எண்ணோடு இடம்பெற்றிருந்தது.

கடை மேலாளர் கழுத்துப்பட்டை கட்டிய இளைஞர். கடிதத்தை வாங்கி, முதல் பக்கத்தைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"சார், என்ன பொருள் சார் இது?"

"மூணாம் பக்கத்துல வரும்" என்றார் கண்காணிப்பாளர், பெருமையாக.

மேலாளர் பொறுமைசாலி. மூன்றாம் பக்கத்துக்குப் போனார்; நான்காம் பக்கத்தில் நின்றார். முகத்தில் ஒரு வெளிச்சம் பரவியது. உரக்கப் படித்தார்:

"'மேற்படி கன்சோலைத் தூசு தும்பு அண்டாவண்ணம், இல்லத்தரசியால் பூவேலை செய்யப்பட்ட தடித்த துணியுறையினால், இயங்கும் வேளையிலும் முழுமையாக மூடிப் பாதுகாத்து வந்தோம் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.'" கடிதத்தை மேசையில் வைத்தார். "சார், கம்பளி போத்தி உக்கார வெச்சா யாருக்குத்தான் சூடாகாது? காத்து போற வழியை மூடினது உங்க தப்பு. அதுக்கு ரிப்ளேஸ்மென்ட் கிடையாது."

மனைவி கணவரைப் பார்த்தார். அலுவலகத்தில் பலர் அவருக்குப் பயப்படுவார்கள். அவர் பயப்படும் பார்வை இது ஒன்றுதான்.

"என்னங்க, இதையெல்லாம் யாரு எழுதச் சொன்னா?"

"நாம எவ்வளவு பொறுப்பா வெச்சிருந்தோம்னு..."

"உறையை நான் தெச்சது மிக்ஸிக்கு! இதுக்கு மாட்டிவிட்டது நீங்க. அதுவும் முந்தாநாள்தான். வாங்கின அன்னிக்கே ஆஃப் ஆச்சே, அதை எழுதினீங்களா?"

எழுதவில்லை. ஐந்து பக்கத்தில் இடம் போதவில்லை.

அந்த அம்மாள் மேலாளர் பக்கம் திரும்பினார். "தம்பி, இங்கே உறை இல்ல. ஏசி வேற ஓடுது. அந்தப் பெரிய டிவியில மாட்டுங்க, ஆடிப் பாக்கலாம். ஆஃப் ஆச்சுன்னா மாத்திக் குடுங்க. ஆகலேன்னா நான் வாயைத் திறக்காம போயிடறேன்."

கண்காணிப்பாளர் அந்தக் கடைசி வாக்குறுதியை நம்பவில்லை. ஆனால் மேலாளர் நம்பினார். பெட்டியில் இருந்த சீரியல் நம்பரையும் கன்சோலில் இருந்ததையும் பில்லோடு ஒப்பிட்டார். சரியாக இருந்தது. டிவியில் மாட்டினார்கள். எதிரே ஆட ஆள் வேண்டுமே? "நானே வரேன் மேடம்" என்று மேலாளர் கழுத்துப்பட்டையைத் தளர்த்தினார்.

கன்சோல் பொல்லாதது. டாக்டர் முன்னால் போனதும் காணாமல் போகும் பல்வலிபோல, சமர்த்தாக ஓடியது. அதற்குள் அந்த அம்மாள் முதல் கோல் போட்டார். வாஷிங் மெஷின் பார்க்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டாவது கோலுக்கு ஃபிரிட்ஜ் பக்கமிருந்தும் ஆள் வந்தது. கூட்டத்தில் யாரோ விசிலடித்தார்.

"தம்பி, பந்து அங்கே இருக்கு."

"தெரியுது மேடம்."

"தெரிஞ்சா சரி."

கண்காணிப்பாளருக்கு இப்போது இரண்டு வேண்டுதல். மனைவி ஜெயிக்க வேண்டும். கன்சோல் சாக வேண்டும். இரண்டும் ஒரே பெட்டிக்குள் நடக்க வேண்டும். "அணைஞ்சு தொலையேன்" என்று முணுமுணுத்தார். வாழ்நாளில் அவர் சொன்ன மிகச் சுருக்கமான விண்ணப்பம் அதுதான்.

இரண்டாம் பாதியில் மேலாளர் எப்படியோ ஒரு கோல் திருப்பினார். சில நொடிகளில் இன்னொன்று. சமநிலை. கடைப் பணியாளர்கள் பில் போடுவதை விட்டுவிட்டுக் கத்தினார்கள். மேலாளருக்குப் பெனால்டி வேறு கிடைத்தது. எழுந்து நின்று, மூச்சை இழுத்து, பொத்தானில் விரலை வைத்தார்.

திரையில் 'அதிக வெப்பம்' என்று வந்தது. பொட்டென்று இருட்டு.

"ஐயோ!" என்று மேலாளர் தலையில் கை வைத்தார். "ஓட்டைப் பெட்டி! இதையெல்லாம் விக்கறதுக்குக் கடைன்னு ஒண்ணு!"

"உங்க கடைதான் தம்பி" என்று நினைவூட்டினார் அந்த அம்மாள்.

சர்வீஸ் பிரிவுப் பெண் வந்து மறுபடி இயக்கினாள். கன்சோலின் பின்பக்கத் துவாரத்தில் மெல்லிய காகிதத் துண்டு ஒன்றைப் பிடித்தாள். அது அசையவே இல்லை. "உள்ளே ஃபேன் சுத்தவே இல்ல சார். உறைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. தயாரிப்புக் கோளாறு."

"மாத்திக் குடு, மாத்திக் குடு. புதுசைச் சீக்கிரம் பிரி" என்று மேலாளர் அவசரப்படுத்தினார். "எனக்கு அந்தப் பெனால்டி வேணும்."

புதுப் பெட்டி வந்தது. பில்லில் புது சீரியல் நம்பர் ஏறியது. போன ஆட்டம் போனதுதான் என்பதால் முதலிலிருந்து தொடங்கி, இன்னொரு ஆட்டம் நடந்தது. அந்த அம்மாள் மூன்று கோல் வித்தியாசத்தில் ஜெயித்தார். கூட்டம் கை தட்டியது. மேலாளர் தோற்ற கையோடு இருவருக்கும் குளிர்பானம் வரவழைத்தார். ஃபிரிட்ஜ் பார்க்க வந்தவர் ஒரு கன்சோல் வாங்கிக்கொண்டு போனார்.

வழியெல்லாம் அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே வந்தார். "நாளைக்கு வரட்டும் அவ. யாரு டீமுக்குப் பாஸ் குடுக்கறேன்னு காட்டறேன்."

"எல்லாம் கடிதத்தோட வலிமை" என்றார் கண்காணிப்பாளர். மகிழ்ச்சியில் இருந்ததால் மனைவி அதையும் மன்னித்தார்.

ஞாயிற்றுக்கிழமை தங்கை வந்தாள். புதிய கன்சோல் ஒருமுறைகூட அணையவில்லை. அக்கா ஆறு கோல் வாங்கினார்.