முந்திரி இல்லாத துண்டு

ஆர்டர் கேக்கை வெட்டிப் படம் பிடிக்க முடியாது என்பதுதான் சிந்துவின் தீராத தலைவலி. வெட்டினால் யார் வாங்குவார்கள்? வெட்டாமல் மூடிய பெட்டி மாதிரி படம் போட்டால் ஒருத்தரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அரியலூரில் வீட்டிலேயே கேக் போடும் இன்னொருத்தியின் இணையப் பக்கத்தில் மட்டும் உள்பக்கம் பளிச்சென்று தெரியும் துண்டுகள் வரிசைகட்டி நின்றன.

"அதெல்லாம் கம்ப்யூட்டர் வரையிறதுடி. நீயும் எழுதிக் குடு, வரைஞ்சு தரும்" என்றான் அவள் புருஷன் பரணிதரன்.

சிந்து போனில் எழுதினாள். மூணு அடுக்கு சாக்லேட் கேக், ஒரு துண்டு வெட்டி முன்னால் இழுத்து வைத்திருக்கணும், உள்பக்கம் பஞ்சு மாதிரி ஈரமாத் தெரியணும், அடுக்குக்கு நடுவில் கிரீம், மேலே முகம் பார்க்கும் அளவுக்கு மினுங்கும் சாக்லேட் பூச்சு, பக்கவாட்டில் ஜன்னல் வெளிச்சம். நேர்மையாக இன்னொரு வரியும் சேர்த்தாள்: மாவில் முந்திரித் தூள் கலந்தது.

அவள் கேக்கின் ருசியே அதுதான். கங்கைகொண்ட சோழபுரத்துப் பக்கம் அவள் மாமியார் வீட்டுக்கு முந்திரித் தோப்பு. உடைந்த பருப்பெல்லாம் இவளிடம் வரும். நைசாக அரைத்துச் சலித்து, மாவோடு கலந்துவிடுவாள். கேக் காய்ந்து போகாது. இந்த ஊர்ப் பக்கம் முந்திரி போட்டதை யாரும் தனியாகச் சொல்வதும் இல்லை, கேட்பதும் இல்லை. போட்டது பெருமை, அவ்வளவுதான்.

வந்த படத்தைப் பார்த்துப் பரணி விழுந்து விழுந்து சிரித்தான். துண்டு முழுக்க முழு முந்திரி, சல்லி அடித்த சுவர் மாதிரி துருத்திக்கொண்டு நின்றது. 'முந்திரி தெரிய வேண்டாம்' என்று எழுதினாள். அந்தப் பாழாய்ப்போன யந்திரத்துக்கு வேண்டாம் என்பது காதில் விழவில்லை, முந்திரி மட்டும் விழுந்தது. மேலேயும் நாலு வைத்துக் கொடுத்தது. எரிச்சலில் அந்தச் சொல்லையே அடியோடு அழித்தாள்.

இந்தத் தடவை வந்த துண்டு அப்படியே எடுத்துக் கடிக்கலாம் போல இருந்தது. ஒரே சீரான துகள், ஒரு புள்ளி இல்லை. மேலே பூச்சு வழவழவென்று மின்னியது. அவளே அசந்துபோய்த் தன் இணையப் பக்கத்தில் போட்டாள். தான் அழித்தது என்ன என்று அவள் யோசிக்கவேயில்லை.

அந்தப் படத்துக்கு முதல் ஆர்டர் வினோதினியிடமிருந்து வந்தது. பூலாம்பாடிக்காரி, இப்போதுதான் அரியலூருக்குக் குடிவந்தவள். பையனுக்குப் பிறந்தநாள், படத்தில் இருக்கிற அதே கேக் வேணும் என்றாள். பரணி சாயங்காலம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தான்.

விளக்கு வைக்கிற நேரத்தில் வினோதினியின் குரல் செய்தி வந்தது. சிந்து மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"கேக் வந்துடுச்சுங்க, ரொம்ப அழகா இருக்கு. வெளில கேக் வாங்கவே பயங்க எனக்கு. பையனுக்கு முந்திரி ஆவாது, போன வருசம் மூச்சே நின்னு திருச்சிக்குத் தூக்கிட்டு ஓடினோம். உங்க படத்துலதான் உள்ள நல்லாத் தெரிஞ்சுது. பெருசாக்கி ஒவ்வொரு அடுக்கா பாத்தேன், ஒரு பருப்புகூட இல்ல. அதான் தைரியமா ஆர்டர் சொன்னேன்."

சிந்து உடனே அவளுக்குப் போன் போட்டாள். அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி போட்டாள். 'குடுக்காதீங்க, முந்திரி இருக்கு' என்று எழுதி அனுப்பினாள். அதைப் பார்த்த அடையாளம் வரவில்லை.

"வண்டிய எடுங்க" என்றாள். அவள் முகத்தைப் பார்த்த பரணி சாவியை எடுத்தான்.

ரயில்வே கேட் மூடியிருந்தது. சிமெண்ட் ஏற்றிய கூட்ஸ் வண்டி ஆடி அசைந்து போனது. பெட்டி பெட்டியாக அது போகப் போக, சிந்து போனை அடித்துக்கொண்டே இருந்தாள். நாசமாய்ப் போகட்டும் அந்தப் படம் என்று வாய்விட்டே சொன்னாள். படம் என்ன செய்யும்? எழுதியதைத்தானே வரைந்தது.

வினோதினி வீட்டில் பாட்டு தெருமுனை வரைக்கும் கேட்டது. செருப்போடு உள்ளே ஓடினாள். நடுக்கூடத்தில் மேசை, வெட்டிய கேக், சுற்றிலும் பிள்ளைகள். வினோதினி சிரித்துக்கொண்டே வந்தாள்.

"வாங்க வாங்க. படத்துல இருந்த மாதிரியே இருக்குங்க உள்ள."

சிந்து மேசையைப் பார்த்தாள். உண்மைதான். ஒரே சீரான துகள், ஒரு புள்ளி இல்லை. அவள் அவ்வளவு நைசாக அரைத்திருந்தாள்.

"இதுல முந்திரி இருக்குங்க. அரைச்சுப் போட்டது. பையன் சாப்பிட்டானா?"

வினோதினியின் சிரிப்பு முகத்திலேயே நின்றது. "முந்திரி இல்லியே, நான் பெருசாக்கிப் பாத்தேனே" என்றாள்.

யாரோ பாட்டை நிறுத்தினார்கள். மேசைக்கு அந்தப் பக்கம், காகிதக் கிரீடம் வைத்த பையன் புறங்கையால் உதட்டைத் தேய்த்துக்கொண்டு நின்றான்.

"அம்மா, வாயெல்லாம் அரிக்குதும்மா."