இருபத்தெட்டாம் நாளைத் தாண்டிய கோடு

இப்போது ஹார்மோன் ரிப்போர்ட் என்றால் பதினெட்டு நிமிடம். டியூபை உள்ளே வைத்தால் மெஷின் மறுபக்கம் காகிதத்தைத் துப்பிவிடுகிறது. ஓய்வு பெறுவதற்கு முன் ஆறு வருடம் அந்த மெஷினோடுதான் காலம் தள்ளினேன். அதன் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் அதோடு சண்டை போட முடியாது, அது பிஸ்கட் வாங்கித் தராது. எங்கள் பழைய லேபில் இரண்டும் தாராளமாக நடந்தது.

மருத்துவமனையின் பின்கட்டில் மூன்று அறை. ஒன்றில் குளிர்பெட்டி, ஒன்றில் கதிர்வீச்சை எண்ணி ஹார்மோன் அளவைச் சொல்லும் கவுன்ட்டர், ஒன்றில் மேடம். மேடத்துக்கு நாங்கள் வைத்த பெயர் அளவுகோல். கையில் எப்போதும் ஓரடி அளவுகோல் இருக்கும். ஆளும் அதே மாதிரி வளையாதவர்.

ஒருநாள் அவர் எங்களைக் கூப்பிட்டு, "புத்தகத்துல இருக்கிற கிராஃப் எவளோடதோ. நம்ம டெஸ்ட் கிட்டுல நம்ம அளவு என்னன்னு நமக்கே தெரியல. ஆறு பேர் வேணும். ஒரு மாசம் தினமும் ரத்தம் குடுக்கணும். ஹார்மோன் மாத்திரை சாப்பிடாதவங்க, நாள் தவறாதவங்க," என்றார். மருத்துவ மாணவர்களின் வகுப்புச் சுவரில் மாட்ட ஒரு பெரிய வரைபடம், கூடவே லேபுக்கு ஒரு சொந்த அளவு. ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

நான், டைப்பிஸ்ட், கூட்டுகிற அம்மா, இரண்டு டெக்னீஷியன்கள் என ஐந்து பேர் தேறினோம். ஆறாவதாகக் கை தூக்கியவர் ஊசியக்கா.

ஊசியக்கா என்றால் ரத்தம் எடுப்பவர். குத்தியதே தெரியாது, அவ்வளவு நல்ல கை. வயது முப்பத்தாறு, கல்யாணமாகிப் பதினோரு வருடம், குழந்தை இல்லை. எல்லா டாக்டர்களும் இருவரையும் பார்த்துவிட்டு, 'குறை எதுவும் தெரியவில்லை' என்று கையை விரித்துவிட்டார்கள். குறை தெரிந்தாலாவது அதைத் திட்டலாம்.

"எனக்கு முட்டை வருதா இல்லையான்னே யாரும் சரியா சொன்னதில்லடி. உங்க கிராஃப்ல தெரியும் இல்ல? வந்தா தெரியட்டும். வரலைன்னாலும் தெரியட்டும்," என்றார் என்னிடம். அதற்காகத்தான் அவர் சேர்ந்தார். எனக்கு மட்டும்தான் இது தெரியும்.

தன் முதுகைத் தானே சொறிய முடியாது என்பார்களே, அதுபோல அவர் கையில் அவரே குத்திக்கொள்ள முடியாது. அந்த வேலை எனக்கு வந்தது. தினமும் காலை எட்டு மணிக்கு அவர் கையை நீட்டுவார், நான் தடவித் தடவி நரம்பைத் தேடுவேன். "ரத்தம் எடுக்கிறியா, கிணறு தோண்டுறியா?" என்பார். டியூபில் நாள் எண் எழுதி ஒட்டுவது, உறைய வைப்பது, வாரம் ஒருமுறை மொத்தமாகச் சோதிப்பது, புள்ளி வைப்பது எல்லாம் நான்தான்.

வரைபடத்தின் அடியில் நாட்கள், ஒன்று முதல் இருபத்தெட்டு வரை. ரத்தப்போக்கு தொடங்கும் நாள்தான் ஒன்று. மேலே நான்கு கோடுகள். மூளைக்கு அடியில் கடலையளவு ஒரு சுரப்பி இருக்கிறது, அது எஃப்.எஸ்.ஹெச். அனுப்பிக் கருமுட்டைப் பைகளை எழுப்பிவிடும். அவற்றில் ஒன்று முந்திக்கொண்டு வளரும். வளர்கிற பை ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கும். ஈஸ்ட்ரோஜன் மேலே போய்ச் சுரப்பியிடம் 'போதும், போதும்' என்று சொல்ல, எஃப்.எஸ்.ஹெச். இறங்கும். வேடிக்கை அதற்கப்புறம்தான். ஈஸ்ட்ரோஜன் உச்சத்துக்கு ஏறி இரண்டு நாள் போல அங்கேயே நின்றால், அதுவரை 'போதும்' என்றது அன்றைக்கு 'கொடு, கொடு' என்று மாறிவிடும். சுரப்பி எல்.ஹெச். என்ற ஹார்மோனை வாரி இறைக்கும். அந்தக் கோடு செங்குத்தாக ஏறி இறங்கும். ஏறத் தொடங்கி ஒன்றரை நாளில் முட்டை வெளியே வரும்.

முட்டை போன வெற்றுப் பை சும்மா இருக்காது. மஞ்சளாகி, புரோஜெஸ்டிரோன் சுரக்கத் தொடங்கும். நான்காவது கோடு அதுதான். மாதத்தின் பின்பாதியில் மெல்ல எழும்பும் மேடு. கருப்பையைக் குழந்தைக்குத் தயாராக வைப்பது அது. யாரும் வரவில்லை என்றால் இரண்டு வாரத்தில் பை வாடும், மேடு சரியும், கருப்பையின் உள்தோல் உதிரும். மறுபடி முதல் நாள்.

பதினைந்தாம் நாள் காலை நான் இரண்டாவது வாரப் புள்ளிகளை வைத்தேன். ஊசியக்கா தோளுக்குப் பின்னால் நின்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். பதினொன்று, பன்னிரண்டு என எல்.ஹெச். கோடு ஏறி, பதிமூன்றில் ஓங்கி நின்று, பதினான்கில் பாதிக்கு வந்துவிட்டது. அழகான சிகரம்.

"வந்துருச்சாடி?"

"சும்மா வரலக்கா, கொட்டு மேளத்தோட வந்திருக்கு."

அவர் வெளியே போனார். திரும்பி வரும்போது கையில் எட்டு பிஸ்கட் பாக்கெட். லேபில் ஆளுக்கு ஒன்று. எதற்கு என்று கேட்டவர்களிடம், "எனக்கு உச்சம் வந்திருக்கு, சாப்பிடு," என்றார். மேடம்கூட ஒன்றை எடுத்துக்கொண்டார். அந்த மாதிரி ஒரு காலை இனி எனக்கு எந்த ஆஸ்பத்திரியில் கிடைக்கும்?

அடுத்த வாரம் புரோஜெஸ்டிரோன் மேடும் எழும்பியது. முட்டை வந்ததற்கு அது இரண்டாவது சாட்சி. ஊசியக்காவுக்கு அதுவே போதுமாக இருந்தது. "பதினோரு வருஷக் கேள்விக்குப் பதில் கிடைச்சாச்சு," என்று நிம்மதியாகச் சொன்னார்.

கடைசி வாரத்தின் எல்.ஹெச். எண்களில்தான் வில்லங்கம் வந்தது. சிகரத்துக்குப் பின் தரையோடு கிடக்க வேண்டிய கோடு இருபத்தாறாம் நாள் தலையைத் தூக்கியது. இருபத்தேழில் இன்னும் கொஞ்சம், இருபத்தெட்டில் இன்னும் கொஞ்சம்.

மேடம் அளவுகோலால் அந்த இடத்தைத் தட்டினார். "இது பன்னிரண்டாம் நாள் டியூப். எண்ணை மாத்தி ஒட்டியிருக்க."

"இல்ல மேடம்."

"ஒரே மாசத்துல ரெண்டு தடவை எல்.ஹெச். ஏறுமா? புது சாஸ்திரமா?"

எனக்குச் சுருக்கென்றது. இருபத்தெட்டு நாள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒட்டியவள் நான். தப்பு செய்து திட்டு வாங்கினால் பரவாயில்லை, ஒழுங்காகச் செய்து வாங்குவது எரியும். அதே டியூப்களில் மிச்சமிருந்த ரத்தத்தில் புரோஜெஸ்டிரோன் போட்டுப் பார்த்தேன். முட்டை வருவதற்கு முன் அது இருக்கவே இருக்காது; பன்னிரண்டாம் நாள் டியூப் என்றால் எண் தரையில் கிடக்க வேண்டும். கிடக்கவில்லை. சரிந்துகொண்டிருக்க வேண்டிய மேடு, இருபத்தாறிலிருந்து திரும்ப ஏறியிருந்தது.

காகிதத்தைக் கொண்டுபோய் மேடத்தின் முன் வைத்தேன். "ரெண்டும் ஒரே டியூப்ல உயரமா இருக்கு. மாசத்துல எந்த நாள் மேடம் அப்படி இருக்கும்?"

மேடம் இரண்டு எண்களையும் விரல் வைத்துப் பார்த்தார். அளவுகோலைக் கீழே வைத்தார். "எந்த நாளும் இருக்காது," என்றவர், குரலைத் தணித்து, "அவளுக்கு நாள் வந்துருச்சா?" என்றார்.

வரவில்லை. அன்று முப்பதாம் நாள்.

கரு ஒட்டிக்கொண்டதும் தானே ஒரு ஹார்மோனை அனுப்பும்: ஹெச்.சி.ஜி. 'நான் வந்துவிட்டேன், வாடிவிடாதே' என்று மஞ்சள் பைக்குச் சொல்வது அதுதான். அதற்கும் எல்.ஹெச்.சுக்கும் அண்ணன் தம்பி ஜாடை. எங்கள் பழைய கிட்டுக்கு இருவரையும் பிரித்துத் தெரியாது. வேறொரு கிட், ஹெச்.சி.ஜி.யை மட்டும் பிடிப்பது, குளிர்பெட்டியின் அடியில் இருந்தது. இரவு முழுக்க ஊற வைத்துக் காலையில் எண்ணினோம். இருபத்தாறில் ஆறு. இருபத்தெட்டில் பதினான்கு. முப்பதில் முப்பத்தொன்று.

ஊசியக்கா அந்த எண்களைப் பார்த்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். சிரிப்பாரா அழுவாரா என்று எங்களுக்குத் தெரியவில்லை, அவருக்கும் தெரியவில்லை. "இப்ப யாருகிட்டயும் சொல்லாதீங்க. வீட்டுக்காரர்கிட்டயும் நான் சொல்லப்போறதில்ல. ரெண்டு வாரம் போகட்டும். அந்த மனுஷன் இந்த விஷயத்துல நிறைய அழுதாச்சு," என்றார்.

காகிதம் இருபத்தெட்டோடு முடிந்திருந்தது. இன்னொரு தாளைக் கோந்து போட்டு ஒட்டி, நாற்பது வரை கட்டம் நீட்டினேன். இரண்டு நாளைக்கு ஒருமுறை அந்த எண் இரட்டிப்பாக வேண்டும். முப்பத்திரண்டில் அறுபது வர வேண்டும். ஐம்பது வந்தது.

"கொஞ்சம் கம்மி," என்றார் மேடம். எனக்கு ஆறுதலாக ஒரு வார்த்தை வேண்டியிருந்தது. அவரிடம் அந்தச் சரக்கு இல்லை.

முப்பத்து நான்கில் முப்பத்தெட்டு. முப்பத்தைந்தில் பதினைந்து. மேட்டுக்கு முட்டுக்கொடுத்த கை விலகியதும் புரோஜெஸ்டிரோனும் சரிந்தது. முப்பத்தாறாம் நாள் காலை எட்டு மணிக்கு ஊசியக்கா வந்து வழக்கம்போல் கையை நீட்டவில்லை. "வேண்டாம்டி. வந்துருச்சு," என்றார். நான் அவரைக் கட்டிக்கொண்டு அழுதேன். ஆறுதல் சொன்னது அவர்தான்.

வரைபடம் இல்லாத வேறொரு மாதமாக இருந்திருந்தால், ஒரு வாரம் தள்ளி வந்தது என்று நினைத்துவிட்டு வேலையைப் பார்த்திருப்பார். நாங்கள் இதைக் காட்டியிருக்கவே கூடாதோ என்று எனக்குக் குற்ற உணர்ச்சி அரித்தது. அதை அவரிடமே கேட்டேன்.

"போடி பைத்தியம். எத்தனை பேரு எத்தனை பேச்சு பேசியிருக்காங்க. எனக்குள்ள ஒண்ணும் தங்காதுன்னாங்க. ஒம்பது நாள் தங்கியிருக்கு. அந்தக் காகிதத்தை எனக்குக் குடு."

ஆய்வுத் தாள் வெளியே போகக்கூடாது என்பது சட்டம். மேடத்திடம் கேட்கவே எனக்குப் பயம்; ஆனாலும் கேட்டேன். அவர் நிமிர்ந்து பார்க்காமல், "அசல் தர முடியாது," என்றார். பிறகு புதுத் தாள் ஒன்றை எடுத்து, நான்கு நிற மை வைத்து, மதியச் சாப்பாட்டுக்குக்கூடப் போகாமல் புள்ளி புள்ளியாகப் பிரதி எடுத்தார். ஹெச்.சி.ஜி.க்கு மட்டும் தன் சொந்தப் பேனாவின் பச்சை மை. அன்றிலிருந்து நாங்கள் அவரை அளவுகோல் என்று கூப்பிடுவதை விட்டுவிட்டோம்.

சுவரில் மாட்டிய வரைபடம் ஐந்து பெண்களுடைய சராசரி. ஊசியக்காவின் மாதம் சாதாரண மாதம் இல்லை என்பதால் அதில் சேரவில்லை.

மறுநாள் அவரிடம், "வீட்டுல காட்டினீங்களா?" என்று கேட்டேன்.

"காட்டினேன். ஒவ்வொரு கோடா சொன்னேன். பச்சைக் கோட்டு மேல விரலை வெச்சு இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரைக்கும் நகர்த்திப் பார்த்தார். அப்புறம் அடியில இருக்கிற நாளையெல்லாம் காலண்டர்ல தேதி பார்த்துக் குறிச்சார். எதுக்குன்னு எனக்குப் புரியல."

"எதுக்காம்?"

"'இந்த ஒம்பது நாள்ல நான் உன்னை எப்பவாவது திட்டினேனா?'ன்னு கேட்டார்."

அவர் கணவர் முன்கோபி. லேபுக்கே தெரியும்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

ஊசியக்கா அடுத்த ஆளுக்கு ரத்தம் எடுக்கப் புது ஊசியைப் பிரித்துக்கொண்டிருந்தார். "முப்பத்தோராம் நாள் திட்டினார்டி, சாவியைத் தொலைச்சதுக்கு. தெருவே கேட்டுது," என்றார். "இல்லவே இல்லைன்னு சொல்லிட்டேன்."