பதினாறு வோல்ட்

என் கடை வாசலில் நின்றுகொண்டு என்னைக் கொலைகாரி என்று சொன்ன மனுசன் நல்லுசாமி. சித்தையன்கோட்டைக்காரர், காய்கறி வெள்ளாமை. பக்கத்தில் அவர் மனைவி அய்யம்மாள், வலது கையில் மாவுக்கட்டோடு. திண்டுக்கல்லில் எங்கள் சந்து முழுக்க மெக்கானிக் கடைகள்தான். எல்லோரும் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

"லித்தியம் பேட்டரி, தண்ணி ஊத்த வேண்டியதில்ல, வெயிட்டே இல்லன்னு சொல்லித்தான குடுத்த? சாயங்காலம் இருட்டுனப்பறம் ஆத்தூர் ரோட்டுல பைக்ல வேகமாப் போறப்ப லைட்டு பளிச்சுன்னு எரிஞ்சு அணைஞ்சுபோச்சு. இஞ்சினும் செத்துப்போச்சு. இருட்டுல வாய்க்கா மேட்டுல கொண்டுபோயி விட்டேன். இவ கையப் பாரு! டுப்ளிகேட் பேட்டரிய வித்துட்டு உக்காந்திருக்கியே, நீயெல்லாம் நல்லாருப்பியா? போலீஸுக்குத்தான் போறேன்."

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அந்தக் கட்டுப்போட்ட கையைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன். அந்த நேரம் பார்த்து, பக்கத்துக் கடையிலிருந்து ஒரு குரல்.

"நான் அன்னைக்கே சொன்னேன்ல, அண்ணாச்சி. இந்த ஆன்லைன் சரக்கெல்லாம் நம்ம வண்டிக்குத் தாங்காதுன்னு."

ஸ்டீபன்ராஜ். என் கூடப் பிறந்த தம்பி. பைக் எலக்ட்ரிக் வேலைக்காரன். நான் பேட்டரி விற்கிறேன், அவன் ஒயரிங் பார்க்கிறான், நடுவில் ஒரே சுவர். போன வாரம் நல்லுசாமியை என்னிடம் கூட்டிவந்து விட்டதே அவன்தான். "அக்கா, சார்ஜிங் நல்லா இருக்கு, நான் பாத்த வண்டிதான், போட்டுவிடு" என்றானே, இதே வாய்தான்! இப்போது ரோட்டில் நின்று கூட்டத்தோடு சேர்ந்து என்னைக் கைகாட்டுகிறான். அன்னியன் சொன்னால் துடைத்துப் போட்டுவிடலாம். இவன் சொன்னால் சந்தே நம்பும். நாளைக்கு ஒருத்தனும் என் வாசலை மிதிக்க மாட்டான்.

"வண்டி எங்க இருக்கு?" என்றேன்.

மினி வேனில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தார்கள். இறக்கி, பேட்டரியைக் கழற்றி மீட்டர் வைத்தேன். பதின்மூன்றே கால் வோல்ட். லோடு போட்டாலும் இறங்கவில்லை. திரும்ப மாட்டி ஸெல்ப் ஸ்டார்ட் அடித்தால் சட்டென்று பிடித்தது.

"பாத்தீங்களா? இப்ப ஓடும். ரோட்டுல செத்துப்போகும். அதான் டுப்ளிகேட்" என்றான் ஸ்டீபன்.

"வாயை மூடுடா."

சத்தமாகத்தான் சொன்னேன். டீக்கடைக்காரர் பேச்சிமுத்துகூட கிளாஸைக் கையில் வைத்தபடி வந்துவிட்டார்.

இந்த லித்தியம் பேட்டரிக்குள் ஒரு சின்ன போர்டு இருக்கும். சார்ஜ் அளவுக்கு மேல் ஏறினால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள பேட்டரியைத் துண்டித்துவிடும். வோல்ட் இறங்கியதும் திரும்பச் சேர்த்துவிடும். நல்ல பேட்டரி அப்படித்தான் செய்யும். ஆனால் ஓடும் வண்டியில் பேட்டரி துண்டானால், இஞ்சின் சுற்றச் சுற்ற மேக்னெட் காயிலிலிருந்து வரும் கரண்டைத் தாங்கி நிற்க ஆள் இல்லை. அது துள்ளும். பல்பு எரிந்துபோகும், இக்னிஷன் தடுமாறி இஞ்சின் நின்றுவிடும். ஆகவே கேள்வி பேட்டரி ஏன் துண்டானது என்பது அல்ல. அதைத் துண்டிக்க வைத்த வோல்ட் எங்கிருந்து வந்தது என்பதுதான்.

எங்கள் சந்துக்காரர்கள் எல்லோரும் ஸ்டார்ட் பண்ணி, முறுக்காமல் ஐடிலில் ஓடவிட்டு மீட்டர் வைத்து, பதின்மூன்று புள்ளி எட்டு காட்டினால் "ஓகே" என்று தலையாட்டி அனுப்பிவிடுவோம். நானும் போன வாரம் அப்படித்தான் அனுப்பினேன். தம்பி சொன்னானே என்று ஆக்ஸிலேட்டரை முறுக்கிப் பார்க்கவில்லை. அது என் தப்புதான். அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

"அண்ணே, செத்த நேரம் இருங்க. போலீஸுக்கு அப்பறம் போலாம், நானே கூட வாரேன்."

லித்தியத்தைக் கழற்றி வைத்துவிட்டு, சும்மா கிடந்த, தண்ணீர் ஊற்றுகிற பழைய மாதிரி ஆசிட் பேட்டரி ஒன்றை மாட்டினேன். அது துண்டிக்காது, எவ்வளவு கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும். மீட்டரை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி சீட்டில் சாய்த்து வைத்தேன்.

"பேச்சிமுத்தண்ணே, நீங்க முறுக்குங்க. அப்பறம் நான் முறுக்குனதால ஏறுச்சும்பாங்க."

ஐடிலில் பதின்மூன்று எட்டு. முறுக்க முறுக்கப் பதினாலரை. பதினைந்து. அங்கேயே நின்றிருக்க வேண்டும், அதற்கு முன்பே நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. பதினாறு.

"ஆத்தாடி" என்றார் பேச்சிமுத்து.

எர்த் கோளாறோ என்று அந்த ஒயரைச் சுரண்டி இறுக்கிவிட்டுத் திரும்பப் பார்த்தேன். அதே பதினாறு. வோல்ட் அளவு மீறாமல் பிடித்து வைப்பது ரெகுலேட்டரின் வேலை. பிறகு என் ஷெல்பிலிருந்து கம்பெனி ரெகுலேட்டர் ஒன்றை எடுத்து, பழையதைக் கழற்றிவிட்டு மாட்டினேன். இப்போது எவ்வளவு முறுக்கினாலும் பதினாலே காலைத் தாண்டவில்லை.

கழற்றிய ரெகுலேட்டரைத் திருப்பிப் பார்த்தேன். பேர் இல்லை, ஊர் இல்லை. லோக்கல் சரக்கு.

"இதை யாரு மாட்டுனது, அண்ணே?"

நல்லுசாமி ஸ்டீபனைப் பார்த்தார். ஸ்டீபன் மீட்டரைப் பார்த்தான்.

"உன் மீட்டர் பேட்டரி வீக்கா இருக்கும்க்கா. அதான் கூடக் காட்டுது."

"அப்ப உன் மீட்டரக் கொண்டாடா! போ, எடுத்துட்டு வா!"

அவன் பேச்சை மாற்றினான்.

"அப்டியே இருந்தாலும், பழைய பேட்டரி தாங்குச்சுல்ல? ரெண்டு வருசம் ஓடுச்சுல்ல? இவ பேட்டரி மாத்துன பெறகுதான விழுந்தாக? பழசையே போட்டு ஓட்டுங்க அண்ணாச்சி, ஒண்ணும் ஆகாது."

அடப்பாவி! பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். என் தம்பி இரண்டையும் என் தலையில் கட்டப் பார்க்கிறான். நல்லுசாமியும் யோசிப்பது போல் நின்றார்.

அப்போதுதான் அய்யம்மாள் பேசினார்.

"தாங்குச்சாமா? ஏந்தம்பி, தாங்குச்சா? அந்தப் பேட்டரிக்கு வாராவாரம் தண்ணி ஊத்துனது நானு. ஊத்த ஊத்தக் கொறஞ்சுக்கிட்டே இருந்துச்சு. கிட்டப் போனா ஒரு நெடி. சீலைல பொட்டுப் பொட்டா ஓட்டை. ஓங்கிட்ட எத்தன தடவ வந்து சொன்னேன்? 'வண்டி ஓடுதுல்ல, ஊத்திக்கிட்டே இருங்க'ன்னு சொன்னியா இல்லையா?"

வாராவாரம்! ரெண்டு மூணு மாதத்துக்கு ஒரு தடவை பார்த்து ஊற்ற வேண்டிய தண்ணீரை இந்தம்மாள் வாராவாரம் ஊற்றியிருக்கிறார். அந்தப் பேட்டரி தாங்கவில்லை, பதினாறு வோல்ட்டில் உள்ளே கொதித்துக்கொண்டே கிடந்திருக்கிறது. இவர் அதைப் பிள்ளை மாதிரி பராமரித்திருக்கிறார். அது இவனுக்குத் தெரியும். தெரிந்துதான் புதுப் பேட்டரிக்கு என்னிடம் தள்ளிவிட்டான். தெரிந்துதான் "சார்ஜிங் நல்லா இருக்கு" என்றான்.

"சொன்னியாடா?"

"அக்கா... உள்ள வா. கடைக்குள்ள வச்சுப் பேசுவோம். எல்லாரும் பாக்குறாக."

"எல்லாரும் பாக்குறப்பதானே என்னை டுப்ளிகேட் விக்கிறவன்னு சொன்ன? அப்ப நான் உன் அக்கா இல்லையா? உள்ள எதுக்கு? இங்கயே சொல்லு. அந்தம்மா கைக்கு நேரா நின்னு சொல்லு."

அவன் என்னைப் பார்த்தான், சந்துக்காரர்களைப் பார்த்தான். கடைசியில் அய்யம்மாள் முன்னால் போய் நின்று, தரையைப் பார்த்துக்கொண்டு ஏதோ முணுமுணுத்தான்.

அய்யம்மாள் கட்டுப்போட்ட கையை மெதுவாக ஏந்திக்கொண்டார்.

"காதுல விழலப்பா" என்றார். "எம் புருசனுக்கும் விழுகணும்ல. இன்னொருக்கா சொல்லு, சத்தமா."